ஏழாவது கட்டத்தில் ‘இல்லை’

பஸ் பணிமனையின் பயிற்சிப் பிரிவில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா நான். பதினான்கு வருஷமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. வருஷத்துக்கு ஒருமுறை பள்ளி முடித்த பிள்ளைகளை டீசல் மெக்கானிக் பயிற்சிக்கு எடுப்போம். இடம் இருபத்து நாலு. விண்ணப்பம் அறுநூறுக்குக் குறையாமல் வரும்.

இது என்னைப் பற்றிய கதை இல்லை. ஆனால் இதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது.

எங்கள் அறிவிப்பில் தெளிவாகவே போட்டிருக்கும்: பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும், முன் அனுபவம் தேவையில்லை. விண்ணப்பப் படிவம் மட்டும் வேறு கதை. தொழிலாளிகளை வேலைக்கு எடுக்க எப்போதோ அச்சடித்த படிவத்தையே பயிற்சிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதில் ஏழாவது கட்டம், ‘முன் அனுபவமும் அதற்கான சான்றும்’. அறிவிப்பு ஒன்று சொல்லும், படிவம் இன்னொன்று கேட்கும். பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மாமா, சித்தப்பா, அண்ணனின் சிநேகிதன் என்று யாராவது வைத்திருக்கும் மெக்கானிக் கடையிலிருந்து ‘ஆறு மாதம் வேலை பார்த்தார்’ என்று ஒரு கடிதம் வாங்கி வந்துவிடுவார்கள். ஒரு வருஷம் ஒரே பங்க்சர் கடையிலிருந்து நாற்பத்தொரு பேருக்குக் கடிதம் வந்தது. அந்தக் கடையில் நாலு பேர் சேர்ந்தாற்போல் நிற்க இடம் கிடையாது.

எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். கட்டம் நிரம்பியிருந்தால் வாங்கி அடுக்கிவிடுவேன், காலியாக இருந்தால் திருப்பிக் கொடுப்பேன்.

அவளை வீட்டில் ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். படித்துப் பட்டம் வாங்கினதால் வந்த பெயர் இல்லை. ஐந்து வயதில், “ஏன் தம்பிக்கு மட்டும் ஜன்னலோர சீட்?” என்று கேட்டு, பதில் கிடைக்கும்வரை பஸ் படியில் ஏற மாட்டேன் என்று நின்றதால் வந்த பெயர். அப்பா ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளி. அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் துணி மடிப்பவர். பள்ளி முடிந்த அன்றைக்கே அவள் எங்கள் அறிவிப்பைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி எடுத்து வைத்திருந்தாள்.

வீட்டில் நடந்ததைப் பின்னால் அவளும் அவளுடைய அப்பாவும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

படிவத்தில் ஆறு கட்டம் வரை மளமளவென்று எழுதியவள் ஏழாவதில் நின்றாள். அன்று அவளுடைய சித்தப்பா வந்திருந்தார். சொந்தமாக டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஏம்மா மலைச்சுப்போய் உக்காந்திருக்க? நம்ம கடை லெட்டர்பேடுல ஒரு வருஷம்னு எழுதிக் குடுத்துடறேன், சீலும் இருக்கு” என்றார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“சித்தப்பா, போன லீவுல நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்?”

“என்ன கேட்ட?”

“கடைக்கு வரேன், வேலை கத்துக் குடுங்கன்னு கேட்டேன். பொம்பளைப் பிள்ளை கடையில நின்னா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்கன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. நான் உங்க கடைக்கு வந்ததே ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் சாப்பாட்டு டப்பா குடுக்க வந்தேன். வாசல்லயே வாங்கிட்டு அனுப்பிட்டீங்க.”

“அது வேற, இது வேறம்மா.”

“எப்படி வேற? வேலை செய்ய விடாத கடையில வேலை செஞ்சேன்னு நான் எழுதணுமா? நிக்கறதுக்கு இடம் இல்ல, நின்னதா எழுதறதுக்கு மட்டும் இடம் இருக்கா?”

சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. நல்லது செய்ய வந்த மனுஷன், இப்படி வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று எதிர்பார்க்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பாவுக்குக் கோபம்.

“ஊரோட ஒத்துப் போகணும். எல்லாரும் வைக்கற லெட்டரு. நீ மட்டும் என்ன அரிச்சந்திரன் பேத்தியா?”

“ஊரோட ஒத்துப் போறதுன்னா நான் இதுக்கு விண்ணப்பமே போடக் கூடாதுப்பா. ஊர் அதையும்தான் சொல்லுது.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சாதாரணமாக இந்தச் சண்டைகளில் வாய் திறக்காதவர். அன்று துணி மடித்துக்கொண்டே சொன்னார்: “பைத்தியம் தெளிஞ்சா கல்யாணம், கல்யாணம் ஆனா பைத்தியம் தெளியும்னு சொல்லுவாங்களே, அந்தக் கதையால்ல இருக்கு. வேலை தெரிஞ்சாத்தான் கத்துக் குடுப்பாங்களாம். தெரிஞ்சவளுக்கு இவங்க எதுக்கு?”

வக்கீல் ஏழாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். சின்னதாக இல்லை, கட்டம் நிறைய. அதோடு ஒரு வெள்ளைத்தாளில் தான் செய்ததை எல்லாம் பத்து வரியில் எழுதி இணைத்தாள். இரண்டு வருஷம் பள்ளி அறிவியல் கூடத்தின் சாவியும் சாமான் பட்டியலும் அவள் பொறுப்பில் இருந்தது, ஒரு சோதனைக் குழாய்கூடக் கணக்கில் குறையாதது, வீட்டு அயர்ன் பாக்ஸின் ஒயரை மாற்றியது, கடைசி வருஷம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதது. அறிவியல் டீச்சரிடம் நற்சான்று வாங்கி வைத்தாள். அந்த டீச்சரும் அதிகமாக ஒன்றும் எழுதவில்லை. ‘கேள்வி கேட்பாள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்பாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் வரிசையில் நின்று என் ஜன்னலுக்கு வந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை, தோளில் பள்ளிப் பை. நான் தாள்களைப் புரட்டினேன். பள்ளிச் சான்று, மதிப்பெண் பட்டியல், வயதுச் சான்று, இரண்டு போட்டோ. ஏழாவது கட்டத்தைப் பார்த்ததும் மொத்தத்தையும் திருப்பித் தள்ளினேன்.

“அனுபவம் போடலியே. போட்டுக் கொண்டா.”

“இல்லன்னு போட்டிருக்கேனே சார்.”

“இல்லன்னா எப்படிம்மா?”

“இல்லன்னா இல்ல சார். வேற எப்படிப் போடறது?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து அறிவிப்புத் துண்டை எடுத்துக் கம்பி இடைவெளியில் நீட்டினாள். ‘முன் அனுபவம் தேவையில்லை’ என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தாள்.

“அது அறிவிப்பு. இது படிவம். படிவம் முழுசா இருந்தாத்தான் வாங்குவோம்” என்றேன்.

“அப்ப ‘வாங்க முடியாது, காரணம் இது’ன்னு இதுமேலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நான் போயிடறேன்.”

எட்டு வருஷத்தில் அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எழுத எந்த விதியும் இல்லை என்பது அப்போதே உள்ளுக்குள் உறைத்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. “பாப்பா, நகரும்மா” என்றார் ஒருவர். “எனக்குச் சீட்டு குடுத்ததும் நகர்றேன்” என்றாள் திரும்பாமலே.

வாங்கிக்கொண்டேன். எண் போட்டு ரசீது கிழித்துக் கொடுத்தேன். அவள் எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் செய்தது இதுதான்: விண்ணப்பத்தின் மூலையில் பென்சிலால் ‘முழுமையற்றது’ என்று எழுதி, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த காகிதக் கட்டுக்குள் செருகினேன். அந்தக் கட்டு மேலே போகாது. வருஷக் கடைசியில் பழைய காகிதத்தோடு போய்விடும்.

மூன்று வாரம் கழித்து எழுத்துத் தேர்வுக்கான எண்கள் கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டப்பட்டன. அவள் எண் இல்லை. அவள் என் ஜன்னலுக்கு வரவில்லை. நேராக மாடிக்குப் போய், பயிற்சி அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பியூன் மூன்று முறை “மேடம் மீட்டிங்ல இருக்காங்க” என்றான். மூன்று முறையும் “இருக்கட்டும்” என்றாள். மதியம் மேடம் சாப்பிடப் போகும்போது எழுந்து நின்று ஒரு மனுவை நீட்டினாள். மனுவில் அழுகையும் கெஞ்சலும் ஒன்றும் இல்லை. நாலே வரி. ‘என் ரசீது எண் இது. தகுதி அனைத்தும் உள்ளது. தேர்வுக்கு அழைக்கப்படவில்லை. எந்த விதியின்படி என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.’

மேடம் சாப்பிடப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“இந்த எண் எங்க?”

கீழ்த்தட்டுக் கட்டை எடுத்து வந்தேன். மேடம் பென்சில் எழுத்தைப் பார்த்தார்.

“முழுமையற்றதுன்னா என்ன குறை?”

“அனுபவச் சான்று இல்ல மேடம்.”

“அது வேணும்னு எந்த உத்தரவுல இருக்கு?”

“வழக்கமா அப்படித்தான் மேடம்.”

“வழக்கத்துக்கு நம்பர் இருக்கா, தேதி இருக்கா?”

ஃபைல் அறையில் ஒரு மணி நேரம் தேடினேன். தூசிதான் கிடைத்தது. எனக்கு முன்னால் இருந்தவர் காலி கட்டத்தைத் திருப்பிக் கொடுப்பார். அவரைப் பார்த்து நானும் கொடுத்தேன். அவ்வளவுதான் அந்தச் சட்டத்தின் பூர்வீகம். திரும்பி வந்து “இல்லை மேடம்” என்றேன். அந்தப் பெண் சுவரோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டி வந்ததில் அவளுக்குச் சந்தோஷமா என்று முகத்தில் தெரியவில்லை.

மேடம் கட்டை அவிழ்த்தார். அவளுடையதோடு சேர்த்து முப்பத்திரண்டு விண்ணப்பங்கள், மற்றவை தபாலில் வந்தவை. பாதிப் பேர் கோடு போட்டிருந்தார்கள். ஒரு பையன் ‘மன்னிக்கவும், அனுபவம் இல்லை’ என்று எழுதியிருந்தான். உள்ளதை உள்ளபடி சொன்ன முப்பத்திரண்டு பேரையும் நான் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன்.

“எல்லாருக்கும் அனுமதிச் சீட்டு அனுப்புங்க. இன்னைக்கே” என்றார் மேடம்.

அன்று ஆறு மணி வரை உட்கார்ந்து முப்பத்தொரு உறை எழுதினேன். அவளுடையதைக் கையிலேயே கொடுத்தேன். “தப்பு என்னுதுதாம்மா” என்றேன். “ஆமா சார்” என்றாள். ‘பரவாயில்லை’ என்று சொல்வாள் என்று எதிர்பார்த்த எனக்கு முதலில் சுருக்கென்றது. வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்துப் பார்த்தேன். அவள் எதற்குச் சொல்ல வேண்டும்?

எழுத்துத் தேர்வில் கணக்கு, படம் பார்த்து அளவு சொல்வது, கொஞ்சம் அறிவியல். தேறியவர்கள் எண்பது பேர். அவளும் அதில் இருந்தாள். அடுத்தது கைத்திறன் சோதனையும் நேர்காணலும். மேடமும் ஃபோர்மேனும் மேஜையில் இருந்தார்கள். குறிப்பெழுத நான்.

ஃபோர்மேன் முப்பது வருஷம் இன்ஜினுக்குள் கை விட்டவர். கடிதம் வைத்திருந்தவர்களிடம் ஒரே கேள்வி கேட்டார். “ஆறு மாசம் வேலை பாத்திருக்க. வால்வ் இடைவெளி எதை வெச்சு அளப்பாங்க?” அதற்கென்றே ‘ஃபீலர் கேஜ்’ என்று மெல்லிய தகடுகளின் கொத்து ஒன்று உண்டு. பலர் டேப் என்றார்கள். ஒருவன் “கண்ணாலயே பாத்துடுவோம் சார்” என்றான்.

அவள் முறை வந்தது. ஃபோர்மேன் வெள்ளைத்தாளைப் பார்த்தார்.

“நீதானா அந்த மனுக்காரி? வண்டியப் பத்தி என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது சார். பஸ்ஸுல போயிருக்கேன்.”

“இது வண்டிக்கு அடியில படுக்கற வேலை. கிரீஸும் கரியும். பொண்ணுங்க ஒரு மாசத்துல ஓடிப் போயிடும்.”

“இதுவரைக்கும் எத்தன பேர் ஓடிப் போனாங்க சார்?”

ஃபோர்மேன் மேடத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவரை டீசல் பிரிவில் ஒரு பெண்ணையும் எடுத்ததே இல்லை.

அவர் ஒரு பழைய எரிபொருள் பம்ப்பை மேஜையில் வைத்தார். கைப்பிடியை அமுக்கினால் எண்ணெய் ஏறும், அந்தச் சின்ன பம்ப்தான். எல்லாருக்கும் அதே சோதனை. கழற்றி, திருப்பிப் பூட்ட வேண்டும், இருபது நிமிஷம். அவள் என்னிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி விரித்தாள். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே வைத்து, பக்கத்தில் எண் எழுதினாள். ஸ்பேனர் பிடிப்பது பழக்கமில்லை என்று தெரிந்தது. இரண்டு தடவை நழுவி விரல் முட்டியில் அடிபட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

பூட்டி முடித்தபோது தாளில் ஒரு செப்பு வாஷர் மிச்சம் இருந்தது. முந்தின நாள் ஒருவன் அப்படி மிஞ்சியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நாங்கள் மூவருமே பார்த்திருந்தோம்.

அவள் வாஷரை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். “இது மிஞ்சிப் போச்சு சார். பூட்டினது தப்பு. திரும்பக் கழட்டணும், நேரம் வேணும்.”

“நேரம் முடிஞ்சுது.”

“சரி. மார்க் போட வேணாம். ஆனா சரியாப் பூட்டிட்டுத்தான் போவேன். தப்பா பூட்டினதை மேஜையில விட்டுட்டுப் போக முடியாது.”

சொல்லிவிட்டு நிற்கவில்லை, கழற்ற ஆரம்பித்துவிட்டாள். வெளியே அடுத்த பையன் காத்திருந்தான். ஃபோர்மேன் தடுக்கவில்லை. ஆறு நிமிஷத்தில் வாஷர் இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. கைப்பிடியை அமுக்கிப் பார்த்துவிட்டு, பாவாடையில் துடைக்காமல் அந்தத் தாளிலேயே கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். ஃபோர்மேன் மதிப்பெண் தாளில் நேரத்துக்கான மதிப்பெண்ணைப் பூஜ்யம் என்றே போட்டார். விதி அப்படி. அதில் குறை சொல்ல முடியாது.

பட்டியலில் அவள் இருபத்தாறாவது. அதாவது காத்திருப்போரில் இரண்டாவது. கீழ்த்தட்டில் கிடந்த மற்ற முப்பத்தொரு பேரில் மூன்று பேருக்கு இடம் கிடைத்திருந்தது, ‘மன்னிக்கவும்’ என்று எழுதியவனுக்கும்கூட. அவளுக்கு இல்லை. பலகையைப் பார்த்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தாள்.

“காத்திருப்போர் பட்டியல் எந்தத் தேதி வரைக்கும் செல்லும் சார்?”

“வகுப்பு ஆரம்பிச்சு பதினஞ்சு நாள் வரைக்கும்.”

“அதுவரைக்கும் தினம் வரலாமா?”

“வர வேணாம்மா. இடம் காலியானா நானே எழுதுவேன்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் எழுதுவேன் என்று நம்ப அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை. தினம் வந்தாள். காலையில் கேட் திறக்கும் நேரத்துக்கு வந்து, பலகையைப் பார்த்து, “காலி இருக்கா சார்?” என்று கேட்டுவிட்டுப் போவாள். வீட்டில் அப்பா, “பிச்சைக்காரி மாதிரி போய் நிக்கறியே” என்றாராம். “பிச்சைன்னா குடுக்கறவங்க இஷ்டம். இது என் வரிசைப்பா” என்றாளாம்.

முதல் வாரத்தில் ஒருவன் கல்லூரியில் இடம் கிடைத்துப் போய்விட்டான். இருபத்தைந்தாவது எண் உள்ளே வந்தது. பதின்மூன்றாம் நாள் இன்னொருவன், அம்மாவை விட்டு ஹாஸ்டலில் இருக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தேன். அவள் வாய் திறக்கும் முன்பே, “இருக்கு” என்றேன்.

மருத்துவச் சோதனை அன்றே முடிந்தது. வயது பதினேழுதான் என்பதால் பயிற்சி ஒப்பந்தத்தில் பெற்றவர் கையெழுத்தும் வேண்டும். அவளுடைய அப்பா காவலாளிச் சீருடையிலேயே, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டு வருஷம், முதல் ஆறு மாதம் தகுதி பார்க்கும் காலம், பாதியில் விட்டால் என்ன, முடித்தால் என்ன.

“இவ பதில் பேசினா வெளிய அனுப்பிடுவீங்களா?” என்று கேட்டார்.

“அப்படி ஒரு விதி இல்லீங்க. நல்லாத் தேடிப் பாத்துட்டேன்” என்றேன்.

முதல் தடவையாக அவள் சிரித்தாள். அப்பா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அந்தக் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷமாகிறது. அந்த முதல் வருஷம் அவளுக்கு லேசாக இருக்கவில்லை. உடை மாற்ற அறை கிடையாது. டயர் கிடங்கின் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றினாள், இரண்டு வாரம். பிறகு மனு எழுதினாள். உடன் படித்தவர்கள் அவள் ஸ்பேனரை ஒளித்து வைத்தார்கள். அதற்கு மனு எழுதவில்லை. அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்களை ஒளித்து வைத்தாள். ஆறாவது மாதம் ஃபோர்மேன் தகுதித் தாளில் ‘தொடரலாம்’ என்று எழுதியபோது, “ஒரு மாசம் தாண்டிடுச்சு சார்” என்றாளாம். “எண்ணிட்டுத்தான் இருந்தேன்” என்றாராம் அவர்.

இப்போது அவள் எங்கள் பணிமனையிலேயே பிரேக் பிரிவில் மெக்கானிக். காலையில் வண்டிகள் வெளியே போகும் முன் சரிபார்ப்புத் தாளில் அவள் கையெழுத்து விழ வேண்டும். போன மாதம் ஒரு நாள் வண்டிப் பற்றாக்குறை. வண்டிகளை அனுப்பும் மேலாளர் ஒரு பஸ்ஸின் தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். நான் அப்போது வருகைப் பதிவேடு வாங்க அங்கே போயிருந்தேன்.

“பின்னாடி இடது பக்கம் லைனிங் தேஞ்சிருக்கு சார். மாத்தணும்” என்றாள்.

“ஒரே ஒரு ட்ரிப்பும்மா. மத்தியானம் கொண்டாந்து மாத்திக்கலாம். கையெழுத்த மட்டும் போடு.”

“மத்தியானம் மாத்தினதும் போடறேன்.”

“மேல இருந்து என்னைத்தான் கேப்பாங்க.”

“‘பிரேக் சரியில்லாமலே அனுப்பு’ன்னு எழுதிக் குடுங்க சார். கீழ உங்க பேரும் தேதியும் போட்டுடுங்க. வண்டிய நானே வெளிய எடுத்து விடறேன்.”

மேலாளர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்லேன் என்பதுபோல. நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் அவள் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு அந்த வண்டிக்கு அடியில் போகும் சத்தம் கேட்டது.